கேட்டவர்களுக்கு மட்டும்: வாட்ஸ்அப்பில் ஒரு முந்திரிக் கடை

பங்குனி பிறந்தால் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பழம் பொறுக்கும் வேலை தொடங்கிவிடும். வைகாசி வரை அறுவடை நடக்கும். மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்களுக்குப் பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பருப்பை வாங்கித் தரம் பிரித்து, கால் கிலோ அரைக் கிலோ பாக்கெட்டாக வீடுகளுக்கு விற்கிற சிறு வியாபாரி வாங்குகிறவரைத் தானேதான் தேடிப் பிடிக்க வேண்டும். அப்படி வாங்கக்கூடியவர்கள் அரியலூரின் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகளிலும், பெரம்பலூரின் கல்லூரி, மருத்துவமனை வட்டாரங்களிலும் நிறையவே இருக்கிறார்கள். ஜெயங்கொண்டத்தில் கடை வைத்திருப்பவரை அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படி ஒரு கடை இருப்பதாக எடுத்துக்கொள்வோம். கடைக்காரரின் போனில் அறுநூறு எண்கள் இருக்கின்றன. பாதி பில் புத்தகத்திலிருந்து ஏற்றியவை. மீதி ஜிபே வழியாக வந்தவை, கல்யாண வீட்டில் யாரோ கொடுத்தவை, சமையல் மாஸ்டர்களிடம் வாங்கியவை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்கியதும் முதலில் தோன்றும் ஆசை, இந்த அறுநூறு பேருக்கும் ஒரே தட்டில் ‘முந்திரி வந்துவிட்டது’ என்று அனுப்பிவிட வேண்டும் என்பதுதான். பெரும்பாலான கடைகளுக்கு வாட்ஸ்அப் வியாபாரம் கைகூடாமல் போவதும் இந்த இடத்தில்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018 ஜனவரியில் வந்தது. பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கும் கேட்லாக் வசதி 2019 நவம்பரில் சேர்ந்தது. கேட்லாக், பிராட்காஸ்ட் லிஸ்ட் இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புதிதாக வருகிறவருக்குக் கடையைக் காட்டுவது கேட்லாக். ஏற்கெனவே வந்தவருக்கு, அவர் கேட்டுக்கொண்டால், சேதி சொல்வது பிராட்காஸ்ட். புதியவரைப் பிராட்காஸ்ட் வழியாகப் பிடிக்கப் பார்த்தால் செயலியே தடுத்துவிடும்.

சேமிக்காத எண்ணுக்குச் சேதி போகாது

பிராட்காஸ்ட் லிஸ்ட் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த எண்களின் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், பட்டியல்கள் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு முறை அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போய்ச் சேரும். வேறு யாருக்குப் போயிற்று என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் பதில் எழுதினால் அது உங்களுக்கு மட்டுமே வரும்.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருந்தால் போதாது. சேமிக்காதவருக்கு அனுப்பியது ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றுவிடும். அறுநூறு பேருக்கும் அனுப்பிவிட்டோம் என்று கடைக்காரர் நிம்மதியாக இருப்பார். உண்மையில் போய்ச் சேர்ந்தது நூறு பேருக்குக்கூட இருக்காது.

இதை ஒரு குறையாக நினைத்து, எல்லோருக்கும் தள்ளிவிடுகிற ‘பல்க் சென்டர்’ மென்பொருள்களைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த நிபந்தனை சிறு வியாபாரிக்குக் காவலாகவே தெரிகிறது. ஒருவர் உங்கள் எண்ணுக்கு ‘முந்திரிக் கடை’ என்று பெயர் போட்டு வைத்திருந்தால், உங்களிடமிருந்து சேதி வருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அந்த ஒரு செயல் நடக்காத வரை அவர் உங்கள் வாடிக்கையாளர் ஆகவில்லை. ஆகவே வியாபாரியின் முழுக் கவனமும் ஒன்றில்தான் இருக்க வேண்டும்: அவர்களாகவே நம் எண்ணைச் சேமிக்கும்படி செய்வது எப்படி?

செயலி தரும் குறு இணைப்பு இங்கே கைகொடுக்கும். அது இப்படி இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

X இருக்கும் இடத்தில் கடையின் பத்து இலக்க எண். இதே இணைப்பைக் க்யூஆர் கோடாகவும் செயலி தந்துவிடும். தட்டுகிறவர் எழுத வேண்டிய வாசகத்தையும் முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். ‘முந்திரி விலை வேண்டும்’ என்று அமைத்துவிட்டால், ஸ்கேன் செய்கிறவரின் திரையில் அந்த வரி தயாராக நிற்கும், அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். முதல் செய்தி அவரிடமிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். தெரியாதவருக்கு நீங்கள் எழுதவில்லை, அவர் கேட்டார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள்.

இந்தக் க்யூஆரைக் கடைப் பலகையில் ஒட்டுவதைவிடப் பாக்கெட்டில் ஒட்டுவது பலன் தரும். பலகையைப் பார்ப்பவர் ஏற்கெனவே கடைக்கு வந்தவர். பாக்கெட்டோ அரியலூரில் ஒரு வீட்டு அடுப்படிக்குப் போகிறது. பாயசத்துக்கு முந்திரி வறுக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா ‘எங்க வாங்குனீங்க’ என்று கேட்டால், உறையைத் திருப்பிக் காட்டிவிடலாம். எடை, பேக் செய்த தேதி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை உறையில் எப்படியும் அச்சிட வேண்டியவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடம் ஒதுக்கலாம்.

செய்தி வந்ததும் விலையைச் சொல்லி, கேட்லாக்கை அனுப்பி, மூன்றாவதாகக் கடையின் தொடர்பு அட்டையை அனுப்ப வேண்டும். பேப்பர் கிளிப் குறியைத் தொட்டு Contact என்பதில் கடை எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். வாங்குகிறவர் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, தொட்டால் சேமிப்பாகிவிடும். கூடவே எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘புதுச் சரக்கு வரும்போது மட்டும் தகவல் சொல்கிறோம். வேண்டுமென்றால் இந்த எண்ணைச் சேமித்து, சரி என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.’ சரி என்று எழுதியவரைப் பட்டியலில் சேர்க்கலாம். எழுதாதவரை விட்டுவிட வேண்டும். ஒரு முறை பொருள் வாங்கியதே போதும், சம்மதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

படத்தில் விலை எழுதாதீர்கள்

புதியவர் கடையைப் பார்ப்பது கேட்லாக்கில்தான் என்பதால் அதற்கு ஒரு முழு நாள் செலவழித்தாலும் தகும். ஐந்நூறு பொருள் வரை சேர்க்க இடமுண்டு, முந்திரிக் கடைக்கு ஏழெட்டே போதும். முழுப் பருப்பில் மூன்று ரகம், இரண்டாகப் பிளந்தது, துண்டு, வறுத்து உப்பிட்டது, மிளகு போட்டது.

முந்திரியில் வாங்குகிறவருக்குப் பிடிபடாத விஷயம் ரக எண். டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்கிற எண்கள், ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதைச் சொல்பவை. எண் சிறிதானால் பருப்பு பெரிது. இது தெரியாதவர் 320 தான் உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொள்வார். பொருள் விவரத்தில் இதைக் கால் கிலோ கணக்கில் மாற்றி எழுத வேண்டும். 180ஆம் ரகத்தில் கால் கிலோவுக்கு 94லிருந்து 99 பருப்பு நிற்கும். 320இல் 165லிருந்து 176 வரை. ‘பாயசத்துக்கும் பொங்கலுக்கும் 320 போதும், தாம்பூலப் பைக்கும் பரிசுப் பெட்டிக்கும் 180’ என்று ஒரு வரி சேர்த்தால், பத்து பேர் தனித்தனியாகக் கேட்கிற கேள்வி அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு பொருளுக்குப் பத்துப் படம் வரை போடலாம், மூன்று போதும். ஜன்னல் வெளிச்சத்தில் எவர்சில்வர் தட்டில் பரப்பிய பருப்பு ஒன்று. 180ஐயும் 320ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவே ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்தது ஒன்று. உறையின் பின்பக்கம், தேதியும் எடையும் தெரியும்படி ஒன்று. இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான படத்தைப் போட்டால், வீட்டுக்கு வந்த பொருள் அதைப்போல் இல்லை என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

படத்தின் மேல் விலை எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முந்திரி விலை அறுவடைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. சித்திரையில் விலை எழுதி அனுப்பிய படம் யார் யார் போனிலோ சுற்றி ஐப்பசியில் திரும்பி வரும். ‘இந்த விலைதானே போட்டிருக்கீங்க’ என்று ஒருவர் காட்டினால் கொடுத்தாலும் நஷ்டம், மறுத்தாலும் மனஸ்தாபம். கேட்லாக் இணைப்பில் இந்தச் சிக்கல் இல்லை. விலையைக் கேட்லாக்குக்கு உள்ளே, அதற்கான கட்டத்தில் போட்டுவிட்டு இணைப்பை மட்டும் அனுப்பினால், எந்த மாதம் திறந்தாலும் அன்றைய விலைதான் தெரியும். மாற்ற வேண்டியது ஒரே இடத்தில்.

```
https://wa.me/c/91XXXXXXXXXX
```

விலையையே போடாமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயத்தில். பக்கத்துக் கடைக்காரருக்கு அது எப்படியும் தெரியும். முன்பின் அறியாத கடையிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் விடத் தயங்குகிறவர்தான் நம் ஊரில் அதிகம். அவர் கேட்காமலே போய்விடுவார்.

சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் வாட்ஸ்அப் சரிபார்த்த பிறகே கேட்லாக்கில் காட்டும். விதிக்கு ஒவ்வாதது என்று பட்டால் நிராகரித்துவிடும். ‘சர்க்கரை குறையும், முட்டிவலி தீரும்’ என்றெல்லாம் முந்திரிக்கு எழுதினால் மருந்து விற்பதாகக் கணக்காகி நிராகரிக்கப்படும் வாய்ப்பு உண்டு. அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்து வியாபாரிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆடு, நாட்டுக்கோழி போன்ற உயிருள்ளவற்றையும் பட்டாசையும் வாட்ஸ்அப்பின் வணிக விதிகள் அனுமதிப்பதில்லை. ஆட்டுச் சந்தை வியாபாரிக்குக் கேட்லாக் உதவாது.

மூன்று பட்டியல், மூன்று பேச்சு

சரி என்று எழுதியவர்களை ஒரே பட்டியலில் கொட்டக் கூடாது. கால் கிலோ வாங்கும் வீட்டுக்காரருக்கும், மாதம் பத்துக் கிலோ துண்டு முந்திரி வாங்கும் பேக்கரிக்கும், முகூர்த்த நாளை வைத்து வாங்கும் சமையல் மாஸ்டருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. செயலியில் Labels என்றொரு வசதி உண்டு. ஒவ்வொரு உரையாடலுக்கும் வண்ணத்தில் ஒரு பெயர் ஒட்டலாம்: வீடு, பேக்கரி, விசேஷம். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டியல்.

பேக்கரிக்காரர் துண்டு முந்திரி விலையை வாரா வாரம் எதிர்பார்ப்பார், அது அவர் தொழில். சமையல் மாஸ்டருக்கு முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் சொன்னால் போதும். ஆடியில் அவரைத் தொந்தரவு செய்து பயனில்லை. எரிச்சலடையக்கூடியவர் வீட்டுக்காரர்தான். அவருக்கு மாதம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சம்பளம் வந்த முதல் வாரம் நல்ல நேரம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் வேண்டாம், பதினொரு மணிக்குமேல் பரவாயில்லை.

எழுதும் முறைக்கு வருவோம். இப்படி ஒரு செய்தி வருவது வழக்கம்: ‘இனிய காலை வணக்கம்!!! அருமையான சலுகை!!! உடனே முந்துங்கள்!!! பத்து பேருக்குப் பகிருங்கள்!!!’ என்ன பொருள், என்ன விலை, யார் கடை, ஒன்றுமே இல்லை. இதற்குப் பதில் கடைக்காரர் இப்படி எழுதலாம்:

‘வணக்கம். ஜெயங்கொண்டம் முந்திரிக் கடை. இந்த வருடப் புதுப் பருப்பு நேற்று வந்தது. 180, 240, 320 மூன்று ரகமும் இருக்கிறது. விலையும் படமும் கீழே உள்ள இணைப்பில். வியாழக்கிழமைக்குள் சொன்னால் சனிக்கிழமை அரியலூர், பெரம்பலூர் இரண்டுக்கும் வந்துவிடும். இனி தகவல் வேண்டாம் என்றால் “வேண்டாம்” என்று அனுப்புங்கள்.’

முதல் வரியிலேயே கடைப் பெயர் வந்துவிட வேண்டும், போன் திரையில் அறிவிப்பாகத் தெரிவது அதுதான். ‘அண்ணே’, ‘அக்கா’ என்று விளிப்பதைத் தனி உரையாடலுக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் எல்லோருக்கும் ஒரே விளி போகும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை ‘அக்கா’ என்று கூப்பிட்டதாகிவிடும். கடைசி வரியை எழுதக் கை கூசும். எழுதியே ஆக வேண்டும். ‘வேண்டாம்’ என்று எழுத வழி இல்லாதவர் பிளாக் செய்துவிடுவார். வேண்டாம் என்று எழுதியவரை அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ‘சரிங்க, எடுத்துவிட்டேன்’ என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தேவைப்படும்போது அவரே வருவார்.

பட்டியலுக்குப் பதில் குரூப் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குரூப்பில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்கு முந்திரி வாங்க வந்த பெண்ணின் எண்ணை அறிமுகமில்லாத இருநூறு பேர் பார்க்கும்படி வைப்பது அவருக்குச் செய்யும் துரோகம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அனுப்பிய பிறகு பார்க்க வேண்டியது

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Message info என்பதைத் திறந்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பட்டியல் வரும். கடைக்காரர் ஓய்வாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் இது.

வீட்டுப் பட்டியலில் 180 பேர் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பி இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 130 பேருக்குப் போயிருக்கிறது. மீதி 50 பேரில் சிலர் போனை அணைத்திருக்கலாம், சிலர் எண் மாற்றியிருக்கலாம். அடுத்த முறையும் அதே பெயர்கள் ஒற்றை டிக்கில் நின்றால், அவர்கள் எண்ணைச் சேமிக்கவில்லை, சேமித்ததை அழித்துவிட்டார்கள், அல்லது பிளாக் செய்துவிட்டார்கள். பிளாக் செய்ததைச் செயலி சொல்லாது. இரண்டு முறை போய்ச் சேராதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். போன் போட்டு ‘எண்ணைச் சேமியுங்கள்’ என்று கேட்பது மட்டும் கூடவே கூடாது.

படித்தவர் கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் படித்தாலும் தெரியாது. நம்பக்கூடியது பதில்களின் கணக்கு. 130 பேரில் 12 பேர் ஏதாவது கேட்டு எழுதினார்கள், அடுத்த மாதம் 10, அதற்கடுத்து 4 என்று இறங்கிக்கொண்டே போனால், அனுப்புவது அதிகமாகிவிட்டது அல்லது சொல்வதில் புதுசு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் சும்மா இருந்து பார்க்கலாம். அப்போதும் தானாக ஆர்டர் கொடுப்பவர்கள்தான் கடையின் அசல் பட்டியல்.

புதியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். க்யூஆர் வழியாக வந்தவர் அந்தத் தயார் வரியோடு வருவார். கேட்லாக் இணைப்பு வழியாக வந்தவர் பெரும்பாலும் ஒரு பொருளின் படத்தைக் குறித்துக் கேட்பார். ‘யார் சொல்லி வந்தீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டால், எந்த வாடிக்கையாளர் நமக்காகப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும். பொருளைத் தெரிந்தவர் தன் நாத்தனாருக்கு இணைப்பை அனுப்பும்போது, கடைக்காரர் யாரையும் தொந்தரவு செய்யாமலே புது வீடு கிடைக்கிறது.

எண் போனால் கடை போயிற்று

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 1909 பதிவு, விளம்பர அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் தடுப்பது. வாட்ஸ்அப்புக்கு அது பொருந்தாது. எரிச்சலடைந்தவர் கையில் இருப்பவை பிளாக், ரிப்போர்ட் என்ற இரண்டு பொத்தான்கள்தான். பலர் ரிப்போர்ட் செய்தால் அந்த எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடும். கடைப் பெயர், கேட்லாக், உரையாடல்கள், பாக்கெட்டில் அச்சடித்த க்யூஆர் எல்லாம் ஒரே நாளில் பயனற்றுப் போகும். பல்க் சென்டர் மென்பொருளும், ஜிபி வாட்ஸ்அப் போன்ற போலிச் செயலிகளும், விலைக்கு வாங்கிய எண் பட்டியலும் கொண்டுபோய் விடுகிற இடம் இதுதான். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்தக் காரியத்துக்கு எண்ணைக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்தச் சம்மதம் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. சரி என்று வந்த பதிலை அழிக்காமல் வைத்திருப்பது அந்த வகையிலும் நல்லது. மாதத்துக்கு இத்தனை பிராட்காஸ்ட்தான் என்று வரம்பு வைத்துப் பார்க்கும் சோதனையை 2025இல் வாட்ஸ்அப் தொடங்கியது. ஆகவே தீபாவளிக்கு முன்னால் ஒரு முறை செயலியில் வரம்பு ஏதும் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கென்று தனி சிம் வாங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின்னை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. சரி என்று எழுதியவர்களின் பெயர், எண், ஊர், விரும்பும் ரகம் நான்கையும் மாதம் ஒரு முறை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தால், போன் தொலைந்தாலும் எண் முடங்கினாலும் யாரிடம் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்பது கையில் இருக்கும்.